இரண்டு லட்சுமிகள், ஒரு ரத்தப் பை

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. பதினான்காம் கட்டிலில் கே. லட்சுமி, வயது 47. மாதக்கணக்கில் நீடித்த உதிரப்போக்கில் ஹீமோகுளோபின் 5.8-க்கு இறங்கிவிட்டது. ரத்த வகை ஓ பாசிட்டிவ். பதினேழாம் கட்டிலில் எம். லட்சுமி, வயது 52. கர்ப்பப்பையை எடுத்து இரண்டு நாள் ஆகிறது. ரத்த வகை பி பாசிட்டிவ். இருவருக்கும் ஆளுக்கொரு யூனிட் ரத்தம் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். ரத்த வங்கியிலிருந்து இரண்டு பைகளும் ஒரே பெட்டியில் வந்து சேருகின்றன. நர்ஸ் ஒரு பையை எடுத்துக்கொண்டு பதினான்காம் கட்டிலுக்கு வந்து, "லட்சுமி அம்மாதானே?" என்று கேட்கிறார். அரைத் தூக்கத்தில் இருக்கும் அந்த அம்மா தலையாட்டுகிறார். கையில் இருப்பது எம். லட்சுமியின் பை.

விளக்குவதற்காக நான் கட்டிச் சொல்லும் சம்பவம் இது. ஆனால் வகை மாறிய ரத்தம் ஏறும் விபத்துகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் நடக்கின்றன. பரிசோதனைக் கூடத்தில் வகையைத் தப்பாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். சரியாகக் கண்டுபிடித்த ரத்தம் தவறான ஆளுக்குப் போய்ச் சேருவதுதான் உண்மையான ஆபத்து. அதனால் ரத்த வகைப் பொருத்தத்தோடு பெயர்ப் பொருத்தத்தையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், பி ரத்தம் ஓ வகைக்காரருக்கு ஏன் ஆகாது? நம் சிவப்பணுக்களின் மேல்பரப்பில் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருந்தால் ஏ, இன்னொரு வகை ஒட்டியிருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் ஒட்டாமல் அடிச்சங்கிலி மட்டும் இருந்தால் ஓ. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் ஏ, பி, ஓ என்ற வேறுபாட்டை விளக்கினார். அதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பு மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றிப் பார்த்தவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடியை உடம்பு தானாகவே தயார் செய்து வைத்துக்கொள்கிறது. குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே இது தொடங்கிவிடும். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இதே போன்ற சர்க்கரைகள் இருப்பதால், அவற்றைப் பார்த்தே உடம்பு இதைக் கற்றுக்கொள்வதாகக் கருதுகிறார்கள். ஆக, வாழ்நாளில் ஒருமுறைகூட ரத்தம் ஏற்றிக்கொள்ளாத கே. லட்சுமியின் பிளாஸ்மாவில் ஏ-க்கு எதிரானதும் பி-க்கு எதிரானதும் ஏற்கெனவே காத்திருக்கின்றன. 'முதல் தடவைதானே, ஒன்றும் ஆகாது' என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது வேறு கணக்கு. அது ஆர்எச் டி என்ற புரதம் இருக்கிறதா இல்லையா என்பது. நெகட்டிவ் ஆட்களிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடி பிறவியிலேயே இருப்பதில்லை. பாசிட்டிவ் ரத்தம் ஏறினாலோ, பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்தாலோதான் உருவாகும். உருவாகிவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் வயிற்றிலுள்ள சிசுவின் சிவப்பணுக்களைத் தாக்கக்கூடும். அதனால்தான் நெகட்டிவ் வகைப் பெண்கள் விஷயத்தில் டாக்டர்கள் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள்.

'ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் பொருந்தும்' என்பது ஊருக்கே மனப்பாடம். சிவப்பணுவைப் பொறுத்தவரை அது சரி. விபத்தில் அடிபட்டு, வகை பார்க்கக்கூட நேரமில்லாமல் வருபவருக்கு ஓ சிவப்பணுவைத்தான் ஏற்றுவார்கள். ஆனால் பிளாஸ்மா ஏற்றும்போது கணக்கு தலைகீழ். ஓ வகைக்காரரின் பிளாஸ்மாவில் இரண்டு ஆன்டிபாடிகளும் இருப்பதால் அதை ஓ வகை நோயாளிக்கு மட்டுமே தரலாம். எல்லோருக்கும் பொதுவானது ஏபி வகைப் பிளாஸ்மா.

நோயாளியின் வகையும் பையின் வகையும் தெரிந்துவிட்டால் போதாதா, கிராஸ்மேட்ச் என்று ஒரு மணி நேரம் காக்க வைக்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஏ, பி, ஆர்எச் மட்டுமல்லாமல் சிவப்பணுவின் மேல் இன்னும் நூற்றுக்கணக்கான அடையாளங்கள் இருக்கின்றன. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கோ பல பிரசவங்கள் கண்டவருக்கோ அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். அதனால் நோயாளியின் சீரத்தையும், பையிலிருந்து எடுத்த சிவப்பணுக்களையும் கலந்து, உடல் சூடான 37 டிகிரியில் வைத்து, கூம்ப்ஸ் ரீஏஜென்ட் சேர்த்துப் பார்க்கிறார்கள். அணுக்கள் ஒட்டிக் கட்டியானால் அந்தப் பை அந்த ஆளுக்கு ஆகாது. 1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் சக ஆய்வாளர்களும் அறிவித்த 'பாம்பே' வகை இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆட்களுக்கு ஓ வகையிலுள்ள அடிச்சங்கிலியே முழுமையாக இருக்காது. சாதாரணப் பரிசோதனையில் ஓ என்று காட்டும், ஆனால் ஓ ரத்தத்தையே அவர்கள் உடம்பு தாக்கும். அவர்களுக்கு இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் தர முடியும்.

இத்தனை நுணுக்கமான கிராஸ்மேட்சுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது பையையும் டியூபையும் ஒப்பிடுகிறது. பையையும் நோயாளியையும் அல்ல. டியூபில் இருப்பது யாருடைய ரத்தம் என்பது லேபில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை, லேபிளில் எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர. கே. லட்சுமியின் டியூபில் எம். லட்சுமியின் ரத்தம் போயிருந்தால், பி வகைப் பை அதோடு அழகாகப் பொருந்தும். 'பொருத்தம்' என்று சீட்டும் ஒட்டி அனுப்புவார்கள்.

இந்தத் தவறு எங்கே நுழைகிறது? காலை நேர அவசரத்தில் நான்கு பேரிடம் ரத்தம் எடுத்து, டியூப்களை ட்ரேயில் போட்டுக்கொண்டு போய், நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதும் பழக்கத்தில் நுழைகிறது. முன்கூட்டியே பெயர் எழுதி வைத்த காலி டியூப்களும் இதே அளவு ஆபத்து. ரத்தம் எடுத்தவரே, அதே கட்டிலருகே, அப்போதே பெயர், ஐபி எண், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லேபிள் அரைகுறையாக இருந்தால் ரத்த வங்கி அந்த டியூபைத் திருப்பி அனுப்பும். அங்கே சண்டை போடும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்புகிற ரத்த வங்கிதான் நல்ல ரத்த வங்கி என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். பல இடங்களில் வேறு நேரத்தில் தனியாக எடுத்த இரண்டாவது சாம்பிளும் கேட்கிறார்கள். இரண்டிலும் ஒரே வகை வந்தால்தான் பை வெளியே வரும். உங்கள் பர்ஸில் ரத்த வகை அட்டை இருந்தாலும் மறுபடி பரிசோதிப்பது இதனால்தான்.

இப்போது பையோடு வார்டுக்கு வருவோம். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. நம் ஊரில் பல ஆஸ்பத்திரிகளில் அதை எடுத்து வருவதே உறவினர்கள்தான். வழியில் டீ குடிக்க நிற்பது, வார்டு ஃபிரிட்ஜில் மருந்துகளோடு வைப்பது, சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போடுவது, மூன்றும் கூடாது. வெந்நீர் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குளிர் விட்டுப்போனால் உள்ளே தப்பித்தவறி இருக்கும் பாக்டீரியா பெருகும். ரத்த வங்கியிலிருந்து வாங்கிய அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே. பை ஒழுகுகிறதா, கட்டி தெரிகிறதா, நிறம் கருத்திருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்பதையும் தொங்கவிடும் முன் பார்த்துவிட வேண்டும். அதே குழாயில் சாதாரண சலைனைத் தவிர எதையும் விடக் கூடாது. குளுக்கோஸ் சிவப்பணுக்களை உடைக்கும், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தைக் கட்டியாக்கும்.

கட்டிலருகே செய்யும் சரிபார்ப்புதான் கடைசிக் கதவு. அதற்குப் பிறகு தடுக்க யாரும் இல்லை. பயிற்சி பெற்ற இருவர் சேர்ந்து செய்ய வேண்டும், அதுவும் நர்ஸ் மேஜையில் அல்ல, நோயாளியின் பக்கத்தில். "லட்சுமி அம்மாதானே?" என்று கேட்டால் பதில் எப்போதும் 'ஆமாம்'தான். காது கேட்காதவர், மயக்கத்தில் இருப்பவர், சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர், எல்லோரும் தலையாட்டுவார்கள். "உங்க முழுப் பேரைச் சொல்லுங்கம்மா, அப்பா பேர் என்ன, வயசு என்ன?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். இனிஷியலை வைத்தே ஆளைப் பிரித்தறியும் நம் ஊரில் அந்த ஒற்றை எழுத்து ரொம்ப முக்கியம். கே-யும் எம்-மும்தான் இந்த இரண்டு லட்சுமிகளுக்கும் நடுவில் நிற்கும் வேலி. அதற்குப் பிறகு கையில் கட்டியிருக்கும் அடையாளப் பட்டை, பையோடு வந்த பொருத்தச் சீட்டு, கேஸ் ஷீட் ஆகியவற்றில் பெயரும் ஐபி எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒருவர் படிக்க, மற்றவர் பார்க்க வேண்டும். பையின் மேலுள்ள எண்ணும் வகையும் சீட்டில் இருப்பதும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். கட்டில் எண்ணை மட்டும் நம்பினால் போச்சு, கட்டில் மாறிக்கொண்டே இருக்கும். பிரான்சில் இதோடு விடுவதில்லை. நோயாளியின் ஒரு துளியையும் பையின் ஒரு துளியையும் ஓர் அட்டையில் வைத்துக் கட்டிலருகிலேயே வகை பார்த்துவிட்டுத்தான் சிவப்பணுவை ஏற்றுகிறார்கள்.

உடன் இருக்கும் உறவினர் இங்கே வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. "சிஸ்டர், அந்தச் சீட்டுல பேரை ஒருதரம் படிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நோயாளி மயக்கத்தில் இருந்தால் பெயர் சொல்ல வேண்டியவரே நீங்கள்தான்.

நம் கதையில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. பி ரத்தம் கே. லட்சுமிக்கு ஏறத் தொடங்கிவிட்டது. ஆரம்பிக்கும் முன் எழுதிவைத்த நாடித்துடிப்பு 92, ரத்த அழுத்தம் 110/70, காய்ச்சல் இல்லை. முதல் 15 நிமிடம் மெதுவாக, நிமிடத்துக்கு 2 மில்லி போல விட வேண்டும், பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. சுமார் எட்டாவது நிமிடத்தில் அந்த அம்மா, "ஊசி போட்ட இடம் எரியுது சிஸ்டர்" என்கிறார். பிறகு, "என்னமோ மாதிரி இருக்கு, பயமா இருக்கு." இந்த 'என்னமோ மாதிரி'யை அலட்சியம் செய்யக் கூடாது. காரணம் சொல்லத் தெரியாத பீதி, வகை மாறிய ரத்தத்தின் முதல் அறிகுறிகளில் ஒன்று என்று மருத்துவப் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. அடுத்து இடுப்புக்கு மேலே முதுகின் இரு பக்கமும் வலி, மார்பில் இறுக்கம், உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம். நாடித்துடிப்பு 126, அழுத்தம் 84/50. ஏறியிருப்பது ஏறக்குறைய 20 மில்லி, நான்கு தேக்கரண்டி அளவு.

உள்ளே நடப்பது இதுதான். காத்திருந்த ஆன்டிபாடிகள் பி சிவப்பணுக்களைப் பிடித்துக்கொள்ள, காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி கிளம்பி அவற்றின் சவ்வில் ஓட்டை போடுகிறது. அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே வெடிக்கின்றன. வெளியே கொட்டிய ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வடிந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். அதிர்ச்சி நிலையும் அந்தக் கழிவும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கலாம். ரத்தம் உறையும் ஏற்பாடே குலைந்து, ஊசி குத்திய இடங்களிலெல்லாம் ரத்தம் கசியலாம். ஆபரேஷன் டேபிளில் மயக்க மருந்தில் இருப்பவர் 'என்னமோ மாதிரி இருக்கு' என்று சொல்ல முடியாது. அங்கே இறங்கும் ரத்த அழுத்தமும், காரணமில்லாமல் கசியும் காயமும், சிறுநீர்ப் பையில் மாறும் நிறமும்தான் அறிகுறி.

செய்ய வேண்டிய முதல் வேலை, குழாயின் கிளாம்பை மூடுவது. டாக்டர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நர்ஸே நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். கையில் போட்ட வென்ஃபிளானைப் பிடுங்கிவிடக் கூடாது, மருந்து செலுத்த அந்த வழி வேண்டும். ஆனால் பழைய குழாயில் இன்னும் அந்த ரத்தம் நிற்கிறது, அதனால் குழாயை முழுக்கக் கழற்றிவிட்டுப் புதிய செட்டில் சலைன் ஓட விட வேண்டும். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே பட்டையையும் பையையும் மறுபடி ஒப்பிட வேண்டும். பையைக் குப்பையில் போடக் கூடாது. அது, குழாய், மறு கையிலிருந்து எடுத்த புது ரத்தம், முதலில் வரும் சிறுநீர் எல்லாம் ரத்த வங்கிக்குப் போக வேண்டும். அங்கே அந்தப் புது சாம்பிளை மையவிலக்கில் சுற்றினால், மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் மஞ்சளாக இருப்பதற்குப் பதில் சிவந்திருக்கும். அணுக்கள் உடைந்துவிட்டன என்பதற்கு அந்த ஒரு பார்வையே பெரும் தடயம்.

ரத்த வங்கிக்கு உடனே போன் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பை மாறியிருந்தால் அதன் ஜோடியும் மாறியிருக்கும். பதினேழாம் கட்டிலில் இப்போது என்ன ஏறிக்கொண்டிருக்கிறது? ஓ சிவப்பணு பி வகைக்காரருக்குப் பொருந்திவிடுவதால் எம். லட்சுமிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். மாறிய பைகளில் பல இப்படித்தான் சத்தமில்லாமல் ஏறி முடிந்துவிடுகின்றன, யாருக்கும் தெரிவதில்லை. எதுவும் ஆகவில்லை என்றாலும் எழுதிக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். இந்தியாவில் இதற்கான ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் 2012 டிசம்பரில் தொடங்கியது. நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் மருந்துகள் நிறுவனம் அதை நடத்துகிறது.

எல்லா எதிர்விளைவும் இவ்வளவு பயங்கரமானதல்ல. அதிகம் காணப்படுவது லேசான காய்ச்சலும் நடுக்கமும்தான். கொடுத்தவரின் வெள்ளணுக்களுக்கும் அவை வெளியிடும் பொருள்களுக்கும் உடம்பு காட்டும் எரிச்சல் அது, பாராசிட்டமாலுக்கு அடங்கிவிடும். இன்னொன்று உடம்பில் தடிப்பும் அரிப்பும். வேறு தொந்தரவு இல்லையென்றால், அலர்ஜி மருந்து கொடுத்துவிட்டு அதே பையை மெதுவாகத் தொடர டாக்டர் அனுமதிக்கலாம். ஆனால் உதடு வீங்கினாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அது வேறு ரகம், அட்ரினலின் தேவைப்படும். சிக்கல் என்னவென்றால், வகை மாறிய ரத்தமும் பாக்டீரியா கலந்த பையும்கூடக் காய்ச்சலில்தான் தொடங்கும். ஆகவே 'ரத்தம் ஏத்துனா குளிர் ஜுரம் வர்றது சகஜம்' என்று போர்வையைப் போர்த்திவிட்டு உட்காருவது ஆகாது. நிறுத்திவிட்டு, எது என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

வயதானவர்களிடம் இன்னொரு ஆபத்து. பல மாதம் ரத்தசோகையோடு இருந்த பாட்டிக்கு இதயம் ஏற்கெனவே களைத்திருக்கும். அவருக்கு இரண்டு யூனிட்டை வேகமாக ஏற்றினால் நீர்ச்சுமை நுரையீரலில் தேங்கும். இருமல், மூச்சுத்திணறல், படுக்க முடியாமல் எழுந்து உட்காருதல், அழுத்தம் ஏறுதல் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். ஏற்றி முடித்துச் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஒரு யூனிட் சிவப்பணு பெரியவர்களுக்கு ஹீமோகுளோபினை ஏறக்குறைய ஒரு கிராம் உயர்த்தும். ஒன்றை மூன்று நான்கு மணி நேரத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்வதே இவர்களுக்கு நல்லது. "சீக்கிரம் ஏத்தி முடிங்க, நைட்டுக்குள்ள வீட்டுக்குப் போகணும்" என்று நெருக்குவதும், சிஸ்டர் நகர்ந்ததும் ரோலரைத் திறந்துவிடுவதும் பாட்டிக்குச் செய்யும் உதவியல்ல.

வெளியாள் ரத்தம் வேண்டாம், மகனுடையதையே ஏற்றுங்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பாசம் புரிகிறது, ஆனால் நெருங்கிய ரத்த உறவு இங்கே பாதகம். மகனின் வெள்ளணுக்களை அன்னியம் என்று தாயின் உடம்பு அடையாளம் காணாமல் விட்டுவிட, அவை உள்ளே பெருகித் தாயின் உறுப்புகளையே தாக்கும் அபூர்வமான, ஆனால் பெரும்பாலும் உயிரைக் குடிக்கும் நோய் ஒன்று உண்டு. கதிர்வீச்சு கொடுத்த பிறகே அத்தகைய ரத்தத்தை ஏற்றலாம். குழந்தை பெறும் வயதில் இருக்கும் மனைவிக்குக் கணவரின் ரத்தத்தையும் தவிர்ப்பார்கள். அதனால் உருவாகும் ஆன்டிபாடி, பின்னால் அதே கணவரின் சிசுவுக்கு எதிராகத் திரும்பலாம்.

வீட்டுக்குப் போன பிறகு தலைகாட்டும் எதிர்விளைவு ஒன்றும் இருக்கிறது. ரத்தம் ஏற்றிய மூன்று நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் கண் மஞ்சளாகும், லேசாகக் காய்ச்சல் வரும், ஏறிய ஹீமோகுளோபின் மறுபடி இறங்கிவிடும். பழைய பிரசவத்திலோ பழைய ரத்தமாற்றத்திலோ உருவான ஆன்டிபாடி ஒன்று, காலப்போக்கில் கிராஸ்மேட்சில் தெரியாத அளவுக்குக் குறைந்துபோய், புது ரத்தத்தைப் பார்த்ததும் திரும்பப் பெருகியிருக்கும். பலரும் இதை மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி தேடிப் போகிறார்கள். ரத்தம் ஏற்றிய தேதியையும் ஆஸ்பத்திரியையும் டாக்டரிடம் சொன்னால், ஒரு கூம்ப்ஸ் பரிசோதனை விஷயத்தை வெளிக்கொண்டு வரும். பிறகு ரத்த வங்கி அந்த ஆன்டிபாடியின் பெயரை எழுதி ஓர் அட்டை தரும். அடுத்த முறை டியூபில் அது தெரியாமல் மறைந்திருந்தாலும், அட்டையைக் காட்டினால் அதற்கேற்ற பையைத் தேடி எடுப்பார்கள்.